100 கிலோபைட்டுக்குள் ஒரு முகம்: எந்த வழியில் சுருக்கினால் படம் கெடாது?

எஸ்.பி.எம். முடிவு வந்த பிறகு, சுங்கை சிப்புட்டில் எங்கள் போட்டோஸ்டாட் கடைக்கு வரும் தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் நகல் எடுக்க வருவதில்லை. இணையத்தில் படிவத்தை முழுக்க நிரப்பிவிட்டு, படம் ஏற்றும் இடத்தில் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். "அண்ணே, படம் பெரிசா இருக்காம், ஏத்த மாட்டேங்குது" என்பதுதான் பேச்சு. அதற்குள் ஆளுக்கொரு யோசனை சொல்லி, படத்தைப் பாதி கெடுத்தும் வைத்திருப்பார்கள்.

அப்படி வந்த ஒரு பிள்ளையின் படத்தை வைத்தே பேசுகிறேன். படிவம் கேட்டது வெள்ளைப் பின்னணி, கடப்பிதழ் அளவு, `.jpg` கோப்பு, 100 கிலோபைட்டுக்கு மேல் கூடாது. கையில் இருந்தது அவள் அண்ணன் கைப்பேசியில் எடுத்த படம். 3024 × 4032 பிக்சல், 3.8 மெகாபைட். கிட்டத்தட்ட நாற்பது மடங்கு பெரிசு. சித்தப்பா புலனத்தில் அனுப்பிச் சுருக்கச் சொல்லியிருந்தார். தோழி ஒரு செயலியில் தரத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தாள். நான் சொன்னது மூன்றாவது வழி, முதலில் வெட்டி, பிக்சல் எண்ணிக்கையைக் குறைத்து, அப்புறம்தான் தரத்தைத் தொடுவது. மூன்றையும் அந்தப் படத்திலேயே செய்து பார்த்தோம்.

புலனம் செய்யும் வேலை மோசமில்லை. சாதாரணமாக அனுப்பினால் படத்தின் நீளப் பக்கத்தை அது சுமார் 1600 பிக்சலுக்குக் கொண்டுவந்து, தரத்தையும் தானே குறைத்துவிடுகிறது. எங்கே எடுத்த படம் என்ற இடக்குறிப்பும் போய்விடுகிறது. முகம் தெளிவாகவே இருக்கும். வரம்பு 300 அல்லது 500 கிலோபைட் என்றால் இதுவே போதும், வேறு எதுவும் வேண்டாம். சிக்கல் என்னவென்றால், எவ்வளவுக்குச் சுருக்குவது என்பது நம் கையில் இல்லை. இந்தப் படம் 190 கிலோபைட்டில் வந்து நின்றது. அதற்குக் கீழே போகச் சொல்ல அங்கே வழியே கிடையாது. உடனே எல்லோரும் செய்வது, வந்த படத்தைச் சேமித்து மறுபடியும் அனுப்புவது. அப்போது ஏற்கெனவே அழுத்தப்பட்ட படம் இன்னொரு தடவை அழுத்தப்படும். அளவு கொஞ்சம்தான் குறையும், முதல் தடவை விழுந்த கறைகள் அப்படியே இருக்க, மேலே புதுக் கறைகள் விழும். ஆகவே கடைக்குப் படம் அனுப்புகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். படமாக அனுப்பாதீர்கள், ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். அப்படி அனுப்பினால் மூலக் கோப்பு மாறாமல் வந்து சேரும்.

தோழி சொன்ன வழிதான் ஆபத்தானது. அது ஏன் என்று கொஞ்சம் விளக்கியாக வேண்டும்.

`.jpg` கோப்பை உண்டாக்கும் ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் நுணுக்கமான விவரங்களைக் கழித்துக்கொண்டே வரும். தரம் என்ற எண், எவ்வளவு கழிக்கலாம் என்பதைச் சொல்கிறது. இந்தப் படத்தில் 1.2 கோடி பிக்சலுக்கு மேல் இருக்கிறது, அதாவது ஏறக்குறைய 1,90,000 கட்டங்கள். 100 கிலோபைட்டை அத்தனை கட்டங்களுக்கும் பங்கு போட்டால், 64 பிக்சல் உள்ள ஒரு கட்டத்துக்குக் கிடைப்பது நாலே நாலு பிட், அதாவது அரை பைட். வழக்கமான குறியீட்டு அட்டவணையோடு எழுதப்படும் ஜேபெக்கில், 'இந்தக் கட்டத்தில் புதிதாக ஒன்றும் இல்லை' என்று குறிக்கவே சுமார் ஆறு பிட் வேண்டும். முகமே இல்லாமல் வெறும் வெள்ளைத் தாளைப் படம் பிடித்திருந்தாலும் குறைந்தது 140 கிலோபைட் ஆகிவிடும் என்று அர்த்தம். அந்தப் பிள்ளை செயலியில் தரத்தை 10 வரை இறக்கியிருந்தாள். அப்போதும் கோப்பு 300 கிலோபைட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கன்னம் மட்டும் ஓடு பதித்த தரைபோல் கட்டம் கட்டமாகிவிட்டது. படமும் கெட்டு, வரம்புக்குள்ளும் வரவில்லை.

மூன்றாவது வழியில் மூலப் படத்திலிருந்து தொடங்கினோம். மலேசியக் கடப்பிதழ்ப் படம் 35 × 50 மில்லிமீட்டர், ஏழுக்குப் பத்து என்ற விகிதம். அந்த விகிதத்தில் தலையும் தோளும் வரும்படி வெட்டியபோது 2100 × 3000 பிக்சல் மிஞ்சியது. பக்கத்துச் சுவர், சன்னல் கம்பி எல்லாம் போனதிலேயே பாதிச் சுமை இறங்கிவிட்டது. பிறகு 700 × 1000 பிக்சலுக்குச் சுருக்கினோம். இப்போது மொத்தம் ஏழு லட்சம் பிக்சல்தான், அதே 100 கிலோபைட்டில் ஒரு கட்டத்துக்கு 75 பிட் வரை கிடைக்கிறது. நாலு பிட் எங்கே, 75 பிட் எங்கே. தரத்தை 80-இல் வைத்தாலும் கண்ணிமை முடிகூடத் தெரிகிறது.

சரி, ஏன் 700 × 1000? படிவம் பிக்சல் அளவைக் குறித்துச் சொல்லியிருந்தால் அதைத்தான் வைக்க வேண்டும். சொல்லாதபோது இது நல்ல நடு அளவு. 35 × 50 மில்லிமீட்டரை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சடிக்கக் குறைந்தது 413 × 591 பிக்சல் தேவை. அதற்குக் கீழே மட்டும் போகாதீர்கள். அந்த '300' என்ற எண்ணைக் கோப்பில் மாற்றினால் அளவு குறையும் என்று நினைத்து மாற்றிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. பிக்சல் மாறாமல் அந்த எண்ணை மட்டும் மாற்றினால் கோப்பின் எடை குறையவே குறையாது.

இத்தனைக்கும் பிறகு கோப்பு 118 கிலோபைட். இன்னும் வரம்புக்கு வெளியே. தரத்தை 65-க்கு இறக்கியிருந்தால் உள்ளே வந்திருக்கும். ஆனால் அதற்கு முன் படத்தை முழு அளவில் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னணித் துணி முழுக்கப் பொடிப் பொடியாக மணல் தூவியதுபோல் இருந்தது. ராத்திரி வேலை முடிந்து வந்து, வீட்டுக்குள் குழல்விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படம். வெளிச்சம் போதாதபோது கைப்பேசி அந்தப் பொடியை உண்டாக்கிவிடும். ஜேபெக்குக்கு அது பொடி என்று தெரியாது, முக்கியமான விவரம் என்று நினைத்துப் பைட்டைக் கொட்டிக் காப்பாற்றும். துணியின் சுருக்கமும் நிழலும் அப்படித்தான்.

"தம்பி, இன்னொரு படம் எடுத்துடலாமா?" என்று அவள் அம்மாவே கேட்டார். கடையின் அஞ்சடியில், வெயில் நேராகப் படாத இடத்தில், வெள்ளைச் சுவருக்கு ஓரடி முன்னால் பிள்ளையை நிறுத்தி எடுத்தோம். அதே வெட்டு, அதே 700 × 1000, அதே தரம் 80. இந்தத் தடவை 74 கிலோபைட். தரத்தை 86-க்கு ஏற்றியும் 91-இல் நின்றது. கெடாமல் சுருக்க வேண்டும் என்றால் பாதி வேலை படம் எடுக்கும்போதே முடிந்துவிடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ஸ்டூடியோவில் எடுத்த படம் எளிதாகச் சுருங்குவதும் இதனால்தான். அங்கே எடுப்பவர்கள் அச்சோடு கோப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

100 என்றால் 100-ஐத் தொட வேண்டாம். சில தளங்கள் கிலோபைட்டை 1000 பைட் என்றும் சில 1024 என்றும் கணக்கிடும். 95-க்குள் நிறுத்தினால் இரண்டுக்கும் பொருந்தும்.

எதில் செய்வது? நான் `squoosh.app` என்ற தளத்தைப் பயன்படுத்துகிறேன். கைப்பேசி உலாவியிலும் திறக்கும். படம் எங்கும் ஏறிப் போகாமல், சுருக்கும் வேலை நம் கருவியிலேயே நடக்கிறது. அடையாள அட்டைப் படத்தைக்கூடச் சுருக்க வேண்டியிருக்கும் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயமில்லை. இலவசமாகச் சுருக்கித் தரும் பல தளங்கள் கோப்பைத் தங்கள் கணினிக்கு வாங்கிக்கொண்டுதான் வேலை செய்கின்றன. வெட்டும் வேலையைக் கைப்பேசியின் படத் தொகுப்பிலேயே முடித்துவிட்டு, இதில் `Resize` என்பதை இயக்கி அகலத்துக்கு 700 கொடுங்கள், உயரம் தானாக வரும். முறைக்கு `MozJPEG` தேர்ந்தெடுத்துத் தரத்தை நகர்த்தினால், கோப்பின் அளவு கீழேயே மாறிக்கொண்டு வரும். பழைய படமும் புதியதும் நடுவே ஒரு கோட்டின் இரு பக்கமும் தெரியும். விண்டோஸில் உள்ள `Paint` வெட்டவும் சுருக்கவும் போதும், ஆனால் ஜேபெக் தரத்தை மாற்ற அதில் இடமில்லை.

கெட்டிருக்கிறதா என்று பார்க்க முகத்தின் நடுவைப் பார்க்காதீர்கள். கருமுடி வெள்ளைச் சுவரைத் தொடும் ஓரத்தைப் பாருங்கள். அங்கே சாம்பல் நிறத் தூசு பறப்பதுபோல் இருந்தால் தரம் தாழ்ந்துவிட்டது. நெற்றிப் பொட்டு இன்னொரு நல்ல அடையாளம். ஜேபெக் பெரும்பாலும் நிறத்தைப் பாதி நுணுக்கத்தில்தான் சேமிக்கும். வெளிச்சம் கூர்மையாக இருக்க, நிறம் மட்டும் மங்கலாகப் படியும். படம் மிகச் சிறிதானால் சிவப்பு பொட்டிலிருந்து கசிந்து தோலில் பரவும். அப்படித் தெரிந்தால் தரத்தைக் கொஞ்சம் இறக்கியாவது பிக்சலைக் கூட்டுங்கள்.

திரையைப் படம் பிடித்து அனுப்புவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பல கைப்பேசிகளில் அது `.png` ஆகத்தான் சேமிக்கப்படும், முகப் படத்துக்கு அது ஜேபெக்கைவிடக் கனமானது. கோப்பின் பெயரில் `.png` என்பதை `.jpg` என்று மாற்றினால் பெயர்தான் மாறும், உள்ளே இருப்பது மாறாது. ஐபோனின் `.heic` கோப்புக்கும் இதே கதை. `Settings` உள்ளே `Camera`, `Formats` போய் `Most Compatible` என்று வைத்துவிட்டு எடுத்தால் ஜேபெக்காகவே வரும்.

முகத்துக்குச் சொன்னதை அப்படியே சான்றிதழுக்குச் செய்துவிடாதீர்கள். எஸ்.பி.எம். சான்றிதழைப் படம் எடுத்து 700 பிக்சலுக்குச் சுருக்கினால் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அங்கே பிக்சலைக் காப்பாற்றி, தரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். ஏ4 தாளுக்கு 1240 × 1754 பிக்சல் வைத்து, தாளின் ஓரம் வரை வெட்டி, வண்ணம் வேண்டும் என்று படிவம் கேட்காதபோது கறுப்பு வெள்ளையாக்கி, தரத்தை 50 வரைகூட இறக்கலாம். எழுத்தின் ஓரத்தில் கொஞ்சம் தூசு தெரியும், படிப்பதற்குத் தடையில்லை. கைப்பேசியில் ஆவணம் வருடும் வசதி இருந்தால் அதில் எடுங்கள். தாளின் நிழலை அது வெளுத்துவிடுவதால் கோப்பு நன்றாக இளைக்கும். பின்னணியில் நுண்கோலம் அச்சிட்ட சான்றிதழ்கள் மட்டும் எளிதில் இறங்காது, அந்தக் கோடுகளே பைட்டைத் தின்றுவிடும். ஏற்றுவதற்கு முன் அடையாள அட்டை எண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். 3-உம் 8-உம் ஒன்றுபோல் தெரிந்தால், தரத்தை இன்னும் சற்று இறக்கி, அகலத்தை 1400-க்கு ஏற்றிப் பாருங்கள்.