ஒரே கலியாணம், மூன்று லப்டொப்: 4கே எடிட்டிங்குக்கு எது தாங்கும்?

"அண்ணை, கேம் விளையாடுற லப்டொப்தானே இது, பிறகு ஏன் இப்பிடி இழுபடுது?"

உப்புவெளியில் இருந்து வந்த தம்பி தன் புது லப்டொப்பை என் மேசையில் திறந்து வைத்துக் கேட்ட கேள்வி இது. ரைசன் 7, ஆர்டிஎக்ஸ் 4050, 16 ஜிபி ரேம். திரையில் கோணேசர் கோயிலில் நடந்த கலியாணம் ஓடிக்கொண்டிருந்தது. தாலி கட்டும் இடத்தில் கெட்டிமேளச் சத்தம் ஒழுங்காகப் போகிறது, படம் மட்டும் நின்று நின்று தாவுகிறது. மாப்பிள்ளையின் கை பொம்பிளையின் கழுத்துக்குப் போய்ச் சேரமுன்னம் மேளம் முடிந்துவிட்டது.

நான் வேலை செய்யும் லப்டொப் அதைவிடப் பழையது, விலையும் குறைந்தது. 12ஆம் தலைமுறை இன்டெல் ஐ5, 4 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 3050, அதே 16 ஜிபி ரேம். கமராவின் அதே மெமரி கார்டை அதில் போட்டால் படம் தடங்கல் இல்லாமல் ஓடியது. தம்பியின் முகம் வாடிப்போனது. அவருடைய லப்டொப்பில் பழுது எதுவும் இல்லை. காரணம் கமரா எழுதும் பைலுக்குள் இருந்தது. அதைக் காட்டுவதற்காகத் தங்கச்சியின் மேக்புக் ஏரையும் (எம்1, 8 ஜிபி) வாங்கிவந்து, மூன்றிலும் ஒரே வேலையைச் செய்து பார்த்தோம்.

வேலை இதுதான். பிரீமியர் புரோவில் 20 நிமிட எடிட். கமரா எழுதியது 4கே, செக்கனுக்கு 50 பிரேம், எச்.265, 4:2:2 10 பிட், 200 மெகாபிட். எல்லாக் கிளிப்புக்கும் கலர் திருத்தம் உண்டு. வெளியே எடுப்பது 4கே, 25 பிரேம், எச்.264, 40 மெகாபிட்.

என் இன்டெல் 17 நிமிடத்தில் முடித்தது. மேக்புக் ஏருக்கு 23 நிமிடம் போனது. தம்பியின் ரைசன் 41 நிமிடம் எடுத்தது.

எச்.265 என்பது மிகவும் இறுக்கிச் சுருட்டிய பைல். அதை அவிழ்ப்பதற்கென்றே சிப்புக்குள் தனியாக ஒரு பகுதி இருக்கும். அந்தப் பகுதிக்கு எந்தெந்த வகைப் பைல் தெரியும் என்பது சிப் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது, பிறகு சொல்லிக்கொடுக்க முடியாது. எச்.265 4:2:2 10 பிட்டை அவிழ்க்கும் திறமை 11ஆம் தலைமுறையில் இருந்து இன்டெல் லப்டொப் சிப்புகளின் உள்கிராபிக்ஸில் இருக்கிறது. ஆப்பிள் எம்1இலும் இருக்கிறது. என்விடியாவில் 30, 40 வரிசைகளுக்கு அது இல்லை, 2025இல் வந்த 50 வரிசையில்தான் சேர்த்தார்கள். தம்பியின் ரைசனிலும் இல்லை. ஆகவே அங்கே 4050இன் அவிழ்ப்புப் பகுதி சும்மா இருக்க, அவிழ்க்கும் வேலை முழுவதும் பிரொசசரின் தலையில் விழுந்தது. 20 நிமிடத்தில் 60,000 பிரேம், ஒவ்வொன்றையும் பிரொசசரே கையால் அவிழ்த்தது. அதனால்தான் 41 நிமிடம்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். விண்டோஸில் `Task Manager` திறந்து `Performance` பக்கத்தில் GPU ஐத் தட்டினால் `Video Decode` என்று ஒரு வரைபடம் இருக்கும். வீடியோவை ஓட விட்டுப் பாருங்கள். என் லப்டொப்பில் இன்டெல் GPU பக்கத்தில் அது மேலே ஏறியது, CPU பாதிகூட வரவில்லை. தம்பியினதில் `Video Decode` தரையிலேயே கிடந்தது, CPU நூறைத் தொட்டு நின்றது.

உங்கள் கமரா எந்த வகை எழுதுகிறது என்று தெரியாவிட்டால், FFmpeg போட்டிருக்கும் லப்டொப்பில் இந்தக் கட்டளை சொல்லும்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=codec_name,pix_fmt C0001.MP4
```

`hevc` என்பது எச்.265தான். அதுவும் `yuv422p10le` உம் சேர்ந்து வந்தால், அதை அவிழ்க்கத் தெரியாத லப்டொப்பில் தம்பியின் நிலைமைதான் உங்களுக்கும். `yuv420p10le` என்றால் கவலை இல்லை.

அந்தக் கடைசி வரிதான் தம்பிக்கு வழி காட்டியது. அவருடைய கமரா மெனுவில் `200M 4:2:2 10bit` க்குப் பக்கத்திலேயே `150M 4:2:0 10bit` என்று இன்னொன்று இருந்தது. அடுத்த நாள் அதில் எடுத்த கிளிப்புகளை வைத்து அதே நீளத்துக்கு ஒரு எடிட் செய்தோம். 4:2:0 என்பது 4:2:2ஐவிட நிறத் தகவலைக் குறைவாக வைத்திருக்கும் வகை, அதை 4050 தானே அவிழ்க்கும். எக்ஸ்போர்ட் 12 நிமிடத்தில் முடிந்தது, என் இன்டெலைவிட வேகம். அதே லப்டொப், ஒரேயொரு மெனு மாற்றம். பச்சைத் திரை போட்டு வெட்டி எடுக்கிற வேலைக்கும், நிறத்தைப் பலமாக இழுத்து மாற்றும் வேலைக்கும் 4:2:2 வேண்டும்தான். கூறைச் சேலையின் சிவப்பு விளிம்பை 4கே திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் எனக்கு வித்தியாசம் தெரிந்தது. சாதாரணமாக ஓடவிட்டுப் பார்த்தபோது தெரியவில்லை.

புரொக்சி, அதாவது எடிட்டுக்கு மட்டும் லேசான நகல், செய்தால் சரிதானே என்று பலர் சொல்வார்கள். எடிட் செய்யும்போது சரி. 50 பிரேமில் 1080 ப்ரோரெஸ் புரொக்சி மணிக்கு 34 ஜிபி அளவுதான் பிடிக்கும், எந்த லப்டொப்பிலும் லேசாக ஓடும். ஆனால் எக்ஸ்போர்ட் கொடுத்தவுடன் மென்பொருள் மூலப் பைலுக்குத் திரும்பிவிடும். 41 நிமிடம் 41 நிமிடமாகவே இருக்கும். புரொக்சி செய்வதற்கும் அதே அவிழ்ப்பு வேலை ஒருமுறை நடக்க வேண்டும் என்பதை மறக்கக்கூடாது.

இன்டெல் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சில கேமிங் லப்டொப்களில் உள்கிராபிக்ஸை முழுதாக நிறுத்திவிட்டு என்விடியாவை மட்டும் ஓடவிடும் ஒரு தெரிவு இருக்கிறது. கேமுக்கு அது நல்லது. எடிட்டிங்கில் அதைப் போட்டால் இன்டெலின் அவிழ்ப்புப் பகுதியும் சேர்ந்து போய்விடும், இன்டெல் வாங்கியதன் பலனே இல்லை. `Task Manager` இல் இரண்டு GPU தெரிகிறதா என்று பாருங்கள். பிரீமியரின் `Preferences` இல் `Media` பகுதியில் `Enable hardware accelerated decoding` டிக் போட்டிருக்கவும் வேண்டும்.

இனி ரேம். 4கே பிரேம் ஒன்றில் 3840 x 2160 புள்ளிகள். கலர் திருத்தத்தின்போது ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 32 பிட். பெருக்கினால் ஒரு பிரேமுக்கு ஏறக்குறைய 133 மெகாபைட். 25 பிரேம், அதாவது ஒரே ஒரு செக்கன், 3.3 ஜிபி. எல்லாம் ஒரே நேரத்தில் ரேமில் இருக்காது, ஆனாலும் 4கேக்கு 32 ஜிபி வையுங்கள் என்று அடோபி ஏன் சொல்கிறது என்பது இதில் விளங்கும். நான் இன்னொரு 16 ஜிபி துண்டு வாங்கிப் போட்டேன். எக்ஸ்போர்ட் 17இல் இருந்து 16 நிமிடத்துக்கு வந்தது, அவ்வளவுதான். மூன்று கமராவை ஒன்றாக ஓடவிட்டு வெட்டும்போதுதான் பணத்தின் பலன் தெரிந்தது. முன்பு பிரவுசரும் போட்டோ மென்பொருளும் திறந்திருந்தால் திக்கித் திக்கி ஓடியது, இப்போது அது இல்லை. ரேம் வேலையை வேகமாக்காது, போதாவிட்டால் வேலையை நிறுத்தும். மேக்கில் பிறகு கூட்ட முடியாது. 8 ஜிபி எம்1 ஒரு கமராவுக்குத் தாங்கியது, மூன்று கமராவுக்கு இழுபட்டது. மேக் வாங்குவதென்றால் 16 ஜிபிக்குக் கீழே போகவேண்டாம் என்பது என் முடிவான கருத்து.

என் 3050இன் குறையையும் சொல்லவேண்டும். இருட்டு வரவேற்பில் எடுத்த கிளிப்புகளுக்கு நொய்ஸ் குறைப்புப் போட்டால் அந்த 4 ஜிபி கிராபிக்ஸ் நினைவகம் நிரம்பி எக்ஸ்போர்ட் பாதியில் முறிகிறது. தம்பியின் 4050இல் 6 ஜிபி இருக்கிறது, அங்கே முறியவில்லை. இரவு நிகழ்வு அதிகம் எடுக்கிறவர் இதைக் கட்டாயம் கணக்கில் எடுக்கவேண்டும்.

டிஸ்க் வேகம் பற்றிக் கடைக்காரர்கள் சொல்லும் 7,000 மெகாபைட் கணக்கு எக்ஸ்போர்ட்டுக்குத் தேவையே இல்லை. 200 மெகாபிட் என்பது செக்கனுக்கு 25 மெகாபைட். மூன்று கமரா ஒன்றாக ஓடினாலும் 75. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500ஐத் தாண்டும். தேவை வேகமான டிஸ்க் அல்ல, வேகம் விழாத டிஸ்க். நான் மலிவாக வாங்கிய வெளி எஸ்எஸ்டி ஒன்று முதல் 40 ஜிபியை 400இல் எழுதிவிட்டு, பிறகு 60க்கு விழுந்து அங்கேயே நின்றது. வேகமான சிறிய இடைப்பகுதி நிரம்பியதும் உண்மையான வேகம் வெளியே வருகிறது. வாங்கமுன் 100 ஜிபிக்குக் குறையாமல் கொப்பி பண்ணி, விண்டோஸ் காட்டும் வரைபடம் எங்கே விழுகிறது என்று பார்த்தால் போதும். கேபிளையும் பாருங்கள். யுஎஸ்பி 2 கேபிளில் 40 மெகாபைட்தான் வரும், 128 ஜிபி கார்டுக்கு ஏறக்குறைய 53 நிமிடம்.

மேக்புக் ஏரின் 23 நிமிடம் இரவில், மின்விசிறிக்குக் கீழே எடுத்தது. கச்சான் காற்று வீசும் நாளில் பகல் பன்னிரண்டு மணிக்கு ஏசி இல்லாத அறையில் அதே வேலைக்கு 29 நிமிடம் போனது. அதற்குள் விசிறி இல்லை, சூடேறினால் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும். கரண்ட் போனபோது நிலைமை தலைகீழானது. பற்றரியில் மேக் அதே வேகத்தில் போனது. என் லப்டொப் கிராபிக்ஸ் கார்டின் சக்தியைக் குறைத்துவிட்டது, 17 நிமிட வேலை 35ஐத் தாண்டியது.

கொடுக்கல் நேரத்தை வாடிக்கையாளரிடம் சொல்லமுன் நான் செய்வது இதுதான். எடிட்டில் மிகவும் பாரமான ஒரு நிமிடத்தைக் குறித்து, லப்டொப் ஏற்கெனவே சூடாக இருக்கும்போது எக்ஸ்போர்ட் செய்து, வந்த நேரத்தை மொத்த நிமிடத்தால் பெருக்குவேன். முதல் நிமிடம் எப்போதும் பொய் சொல்லும், லப்டொப் குளிராக இருப்பதால்.

தம்பி லப்டொப்பை மாற்றவில்லை. கமராவை 4:2:0க்கு மாற்றி, 16 ஜிபி ரேம் மட்டும் கூட்டினார். புதிதாக வாங்கப்போகிற அவருடைய நண்பருக்கு நான் சொன்னது வேறு: 4:2:2 வேண்டுமென்றால் உள்கிராபிக்ஸ் இயங்கும் இன்டெல், அதோடு 6 ஜிபி கிராபிக்ஸ் கார்ட், 32 ஜிபி ரேம். கொழும்புக்குப் போகும்போது உங்கள் கமராவின் கார்டையும் ரீடரையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள், காசு எண்ணிக் கொடுக்கமுன் கடையிலேயே ஒரு கிளிப்பை ஓடவிட்டு `Video Decode` ஏறுகிறதா என்று பாருங்கள்.