விமானத்துக்கு ஒரே தடித்த ஹூடியா, இரண்டு மூன்று மெல்லிய உடுப்புகளா?

முதல் சில நீண்ட பயணங்களில் டி-ஷர்ட்டும், தலைவழியாக மாட்டும் தடித்த ஹூடியும்தான் போட்டேன். இப்போது சீக்கிரம் காயும் மெல்லிய டி-ஷர்ட், முன்பக்கம் முழு ஜிப் வைத்த மெல்லிய ஃப்ளீஸ், பெரிய சால்வை. நான் இரண்டாவது பக்கம்தான்.

ஹூடி மென்மையானது, அதன் தொப்பி கண்ணையும் மறைக்கும். இரண்டு மணி நேரப் பயணத்துக்குத் தாராளமாகப் போதும்.

பத்து மணி நேர இரவுப் பயணத்தில்தான் சிக்கல். ஏறும்போது கதவு திறந்திருக்கும், தரையில் ஏசி அவ்வளவாக எடுக்காது, பையைத் தூக்கி வைத்து முடிப்பதற்குள் முதுகு வேர்த்துவிடும். மேலே போன பின் அசையாமல் உட்கார்ந்திருப்போம். விளக்கை அணைத்துத் தூங்கினால் உடல் சூடும் இறங்கும். ஜன்னலோரம், கதவை ஒட்டிய வரிசை என்றால் கால் பக்கம் இன்னும் குளிரும். வேர்வையில் ஊறிய பருத்தி பனியன் அப்போது ஈரத்துணி மாதிரி ஒட்டிக்கொண்டு நடுங்க வைக்கும்; மேலே எவ்வளவு தடிப்பாகப் போட்டாலும் அந்த ஈரம் போகாது.

ஆக, ஒரே இரவில் மூன்று நான்கு முறை கழற்றி மாட்ட வேண்டிவரும். எனக்கு முடிவைத் தீர்மானித்தது இதுதான்: பெல்ட் போட்டபடி, உட்கார்ந்த இடத்திலேயே மாற்ற முடிகிறதா? ஹூடியைக் கழற்றக் கைகளைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும், முழங்கை பக்கத்து ஆள் மேல் படும். பெல்ட் விளக்கு எரியும்போது எழுந்திருக்கவும் முடியாது. ஜிப் என்றால் பாதி இறக்கினாலே காற்று வரும். சால்வையைப் போர்த்தினால் பெல்ட்டை அதன் மேலே வெளியில் தெரியும்படி போடுங்கள். பெல்ட்டைப் பார்க்க உங்களை எழுப்ப மாட்டார்கள்.

கம்பளி டி-ஷர்ட்டை ஒரே ஒரு முறைதான் போட்டிருக்கிறேன். நன்றாக இருந்தது, அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

பேன்ட் இடுப்பில் எலாஸ்டிக் இருக்கட்டும். கேபின் காற்றழுத்தம் 8000 அடி உயர மலையில் இருப்பதுபோல் குறையலாம், வயிற்றில் உள்ள வாயு விரியும்.

செருப்பு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் இழுபறி. லேஸ் இல்லாத ஸ்லிப்-ஆன் பாதுகாப்புச் சோதனையில் சட்டென்று கழன்றுவிடும். அடிப்பாகத்தில் உலோகத் தகடு வைத்த பூட்ஸ் என்றால் கருவி சத்தம் போடும், திரும்ப வரச் சொல்வார்கள். ஆனால் மணிக்கணக்கில் உட்கார்ந்தால் பாதம் வீங்கும். லேஸைத் தளர்த்தலாம், இறுக்கமான ஸ்லிப்-ஆனை என்ன செய்வது? அதனால் மேற்பகுதி இழுபடும் துணியால் ஆன ஸ்லிப்-ஆன் எடுத்தேன், அதுவும் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போட்டுப் பார்த்து. கூடவே சாக்ஸும் வேண்டும். கழிவறைக்கு மட்டும் சாக்ஸோடு போகாதீர்கள், அங்கே தரையில் கிடப்பது பெரும்பாலும் தண்ணீராக இருக்காது.