ரஸ்ட்டெஸ்க்: மூன்று வருஷம் ஆகியும் அதே சிவப்புப் பெட்டி

போன வாரம் நண்பன் கேட்டான்: "மச்சான், ரஸ்ட்டெஸ்க் இறக்கினேன், ஆன்டிவைரஸ் ட்ரோஜன்னு கத்துது. நீ மூணு வருஷமா இதைத்தானே வச்சிருக்க, நம்பலாமா?" ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. அதற்காக உட்கார்ந்ததுதான் இது.

நான் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுப்பவன். ஏதாவது மாட்டிக்கொண்டால் ரஸ்ட்டெஸ்க் என்ற ரிமோட் கருவி வழியாக வீட்டிலிருந்தபடியே அவர்கள் திரையைத் திறந்து சரிசெய்வேன். இணையத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன விபிஎஸ்ஸில் அதற்கான என் சொந்த சர்வர் ஓடுகிறது. மூன்று வருஷத்தில் அது என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பியதில்லை. சந்தாவும் கிடையாது. அப்புறம், ஒரு வித்தை உண்டு. `rustdesk-host=` என்று தொடங்கி சர்வர் முகவரியையும் சாவியையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிட்டால் போதும், கடையில் ஓடும் கிளையன்ட் நேராக என் சர்வரைத் தேடி வரும். கடைக்காரருக்கு போனில் செட்டிங்ஸ் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. இதற்காகவே கோயில் கட்டலாம்.

ஆனால் புது பதிப்பு வந்த மறுநாள் காலையில் போன் அடிக்கும். "தம்பி, உங்க சாஃப்ட்வேரை ஆன்டிவைரஸ் தின்னுடுச்சு." எந்த ஆன்டிவைரஸ் என்று பெயர் சொல்லப் போவதில்லை. கடைக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள், எல்லாம் ஏறக்குறைய ஒரே ரகம்.

கோபத்தைத் தள்ளிவைத்துவிட்டு ஆன்டிவைரஸின் பக்கமிருந்தும் பார்க்கிறேன். ரஸ்ட்டெஸ்க் திரையைப் படம் பிடிக்கிறது. மவுஸையும் கீபோர்டையும் வேறொருவர் கையில் கொடுக்கிறது. பின்னணியில் சர்வீஸாக உட்கார்ந்தால் யாரும் லாகின் செய்யாதபோதும் காத்திருக்கிறது. வெளியே ஒரு சர்வரோடு ஓயாமல் பேசுகிறது. திருடன் எழுதும் ட்ரோஜனும் இதையேதான் செய்யும். இரண்டுக்கும் உள்ள ஒரே வித்தியாசம், கம்ப்யூட்டருக்குச் சொந்தக்காரர் சம்மதித்தாரா என்பது. அது கோப்புக்குள் எங்கேயும் எழுதியிருக்காது. இதற்கு மேல் புது பதிப்பு என்றால் உலகத்தில் இன்னும் நிறைய பேர் ஓட்டிப் பார்க்காத கோப்பு. முன்பின் தெரியாத முகம், செய்கிற வேலையும் சந்தேகத்துக்குரியது. வாசலில் நிறுத்தத்தான் செய்வான்.

அதனால் சிவப்பைப் பார்த்துப் பதறாமல், என்ன பெயரில் பிடித்தது என்று முதலில் படிப்பேன். காஸ்பர்ஸ்கி `not-a-virus:RemoteAdmin` என்று தொடங்கும் பெயர் வைத்தால், வைரஸ் இல்லை, ஆனால் ரிமோட் கருவி, நீங்கள்தான் போட்டீர்களா பாருங்கள் என்று பொருள். உண்மையில் இது தவறான எச்சரிக்கையே இல்லை. சரியான கேள்வி, சிவப்புப் பெட்டியில் வந்ததால் திட்டு வாங்குகிறது. விண்டோஸ் டிஃபெண்டரில் `Trojan:Win32/Wacatac.B!ml` மாதிரி வந்தால் வால்பகுதி `!ml` முக்கியம். மெஷின் லேர்னிங் சாயலைப் பார்த்துச் சொன்ன யூகம் அது. யூகம் சரியாகவும் இருக்கலாம் என்பதுதான் தொல்லை. பெயரில் பாஸ்வேர்டு திருடும் குடும்பம் ஏதாவது குறிப்பாக வந்தால் நான் விவாதிப்பதில்லை, நெட் கேபிளைப் பிடுங்கிவிடுவேன்.

அடுத்து, ஆன்டிவைரஸ் பிடித்துப் பூட்டி வைக்கும் க்வாரன்டைனில் இருப்பதை ஒருபோதும் மீட்டெடுப்பதில்லை. அதிகாரப்பூர்வ பக்கத்திலிருந்து என் மெஷினில் புதிதாக இறக்கி பவர்ஷெல்லில் இரண்டு வரி:

```
Get-AuthenticodeSignature .\rustdesk.exe
Get-FileHash .\rustdesk.exe
```

முதல் வரிக்கு `Valid` என்று வந்து, கோப்பில் டிஜிட்டல் கையெழுத்திட்டவர் தயாரிப்பாளர்தானா என்று பார்க்க வேண்டும். `HashMismatch` என்றால் கையெழுத்துக்குப் பிறகு யாரோ கோப்பைத் தொட்டிருக்கிறார்கள். பெயர் மாற்றுவதால் கையெழுத்து கெடாது, என் வித்தை பிழைத்திருப்பது அதனால்தான். இரண்டாவது வரி தரும் ஹாஷை, அதாவது கோப்பின் கைரேகையை, பல ஆன்டிவைரஸ்களின் தீர்ப்பை ஒன்றாகக் காட்டும் வைரஸ்டோட்டல் தளத்தில் தேடுவேன். ஐந்தாறு இன்ஜின்கள் பிடித்து, எல்லாமே ரிமோட் அட்மின், ரிஸ்க்வேர் என்று முனகினால் மூச்சு விடலாம். ஹாஷையே அது பார்த்ததில்லை என்றால், பல்லாயிரம் பேர் இறக்கும் கோப்பு எப்படி அதன் கண்ணில் படாமல் போகும் என்று யோசிக்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த நான் ஏமாறப் பார்த்த கதையையும் சொல்லிவிடுகிறேன். அரிசி மண்டி அண்ணாச்சி ஒருநாள் வழக்கம்போல, "தின்னுடுச்சு தம்பி" என்றார். அலுப்பில், "அலவ் குடுத்துடுங்க அண்ணாச்சி" என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். எதற்கும் எந்த மெஷின் என்று கேட்டேன். "மகன் லேப்டாப்பு." கவுன்ட்டர் மெஷினைத் தவிர அந்தக் கடையில் நான் எதிலும் போட்டதே இல்லை.

நேரில் போனேன். டவுன்லோட்ஸில் வங்கிப் பெயர் போட்ட ஒரு exe. முந்தின நாள், "கார்டு பிளாக் ஆகப் போகுது" என்று யாரோ போனில் சொல்லி இறக்க வைத்திருக்கிறான். கையெழுத்து `NotSigned`. `%AppData%\RustDesk\config` போல்டரில் `RustDesk2.toml` என்ற கோப்பை நோட்பேடில் திறந்தால் மேலேயே இப்படி ஒரு வரி (முகவரியை மட்டும் மாற்றியிருக்கிறேன்):

```
rendezvous_server = '203.0.113.45:21116'
```

அது என் சர்வர் இல்லை. ரஸ்ட்டெஸ்க் திறமூல நிரல்தானே, திருடன் தன் முகவரியை உள்ளே வைத்துக் கட்டி அனுப்பியிருக்கிறான். ஆன்டிவைரஸ் காட்டிய பெயரோ எனக்கு மாதாமாதம் காட்டும் அதே பெயர், ஒரு எழுத்து மாறவில்லை. ஆன்டிவைரஸ் பிடித்ததால் பணம் தப்பியது. நான் போனில் "அலவ்" சொல்லியிருந்தால் போயிருக்கும்.

அன்றிலிருந்து கையெழுத்தைக்கூட இரண்டாமிடத்தில்தான் வைத்திருக்கிறேன். நெட்சப்போர்ட் மேனேஜர் என்ற பழைய, நேர்மையான கருவியைத் திருடர்கள் அப்படியே, செல்லுபடியாகும் கையெழுத்தோடு, போலி பிரவுசர் அப்டேட் என்று இறக்குகிறார்கள். `client32.exe` அசல்தான். பக்கத்திலிருக்கும் `client32.ini`யில் `GatewayAddress` மட்டும் திருடனுடையது. இங்கே எனிடெஸ்க் வழியாக யூபிஐ பணம் போவதைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியில் எச்சரித்ததே, அதிலும் ஆப் அசல்தான். 2016இல் அம்மி அட்மின் தளத்திலேயே புகுந்து லர்க் ட்ரோஜனை ஒட்டிவிட்டார்கள். அந்தக் கருவியை ஆன்டிவைரஸ் எப்போதுமே முறைக்கும் என்று பழகிப்போனவர்கள் எச்சரிக்கையைத் தள்ளிவிட்டுப் போவார்கள், அது திருடனுக்கு வசதி.

ஆகவே நான் பார்க்கும் வரிசை இப்போது வேறு. இந்த மெஷினில் இதை யார் போட்டது, எப்போது, எந்த போல்டரில், எந்த முகவரிக்குப் பேசுகிறது. நான் போட்டது `C:\Program Files\RustDesk`இல் இருக்கும், என் நோட்டில் தேதி இருக்கும். இதில் ஒன்று இடறினாலும் ஹாஷ், கையெழுத்து எதுவும் எனக்குப் பொருட்டில்லை. ஆன்டிவைரஸில் விலக்கு கொடுப்பதும் அந்த ஒரு exeக்கு மட்டும். ஒரு கடையில் என் தொல்லை தாங்காமல் முழு C டிரைவையும் விலக்கில் போட்டு வைத்திருந்தார்கள். அதைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சரி, நண்பனுக்குத் தீர்ப்பு. நல்ல கருவி, தாராளமாகப் போடு. நானோ, அண்ணாச்சி மகன் விஷயத்துக்குப் பிறகு எல்லாக் கடையிலும் சர்வீஸை எடுத்துவிட்டேன். வேண்டும்போது அவர்களே திறந்து நம்பரைச் சொல்ல வேண்டும், முடிந்ததும் மூட வேண்டும். என் மாமியார் லேப்டாப்பில் அதுகூட இல்லை, பஸ் ஏறித்தான் போகிறேன். ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் போன மாதம் நாலரை சொல்லியிருப்பேன். இன்று காலை புது பதிப்பு வந்திருக்கிறது, இதுவரை மூன்று போன். இரண்டு.