நந்தியாவட்டைச் சாறா, கடைச் சொட்டு மருந்தா, ஒரு செம்புத் தண்ணீரா?

தை பிறந்து குறிஞ்சிப்பாடி, வடலூர் பக்கம் சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் எங்கள் மருந்துக் கடைக்கு ஒரே மாதிரியான ஆட்கள் வருவார்கள். ஒரு கண்ணைத் துண்டால் பொத்தியபடி, "நெல் சுணை பட்டுவிட்டது தம்பி, ஒரு சொட்டு மருந்து கொடு" என்பார்கள். கடலூர் முதுநகரில் 18 ஆண்டுகளாக மருந்தாளுநராக இருக்கிறேன். வீட்டில் ஏற்கெனவே என்ன விட்டீர்கள் என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும். நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய், சில ஊர்களில் சின்ன வெங்காயச் சாறு.

எது தேவலாம், எது கூடாது என்று ஒப்பிட எனக்கு வெளி ஆள் தேவைப்படவில்லை. எங்கள் சித்தப்பா ஐந்தே நாளில் எல்லாவற்றையும் வரிசையாகச் செய்து பார்த்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், கதிரடிக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றபோது உமி ஒன்று இடது கண்ணில் தெறித்தது. பக்கத்துத் தெருப் பாட்டி நாக்கின் நுனியால் அதை எடுத்துவிட்டார். அந்தக் கைவரிசை எனக்குத் தெரிந்த பல கிராமங்களில் இன்னும் இருக்கிறது. உமி வந்தது உண்மை. வாயில் இருக்கும் கிருமிகள் கண்ணுக்குப் போனதும் உண்மை. மாலையில் சித்தி கொல்லையிலிருந்து நந்தியாவட்டைப் பூவைப் பறித்து, அம்மியில் நசுக்கி, புடவைத் தலைப்பில் வைத்துப் பிழிந்து இரண்டு சொட்டு விட்டார். குளிர்ச்சியாக இருந்தது என்றார் சித்தப்பா. அடுத்த நாளும் இரண்டு வேளை விட்டார்கள்.

அந்தக் குளிர்ச்சியை நான் பொய் என்று சொல்லமாட்டேன். எரியும் கண்ணில் குளிர்ந்த நீர்ப்பொருள் எது பட்டாலும் சுகமாகத்தான் இருக்கும். வெறும் தண்ணீரும் அதையே செய்யும். கேள்வி, அந்தச் சுகத்தோடு வேறு என்ன உள்ளே போகிறது என்பதுதான். கொல்லைப் பூ, மிளகாய் அரைத்த அம்மி, வேலை செய்த கை, புடவைத் தலைப்பு என்று நான்கு இடங்களின் அழுக்கும் அந்த இரண்டு சொட்டில் கலந்திருக்கிறது. முழுதாக இருக்கும் கண் ஓரளவு இதைத் தாங்கும். கருவிழியின் மேல் தோல் நல்ல காவல்காரன். கண்ணீர் கழுவிக்கொண்டே இருக்கும். ஆனால் உமி கீறிய கண்ணில் அந்தக் காவல் உடைந்துவிட்டது. கருவிழியின் மொத்தக் கனமே ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். அதில் இரத்தக் குழாய்களும் கிடையாது. அதனால் உடம்பின் மற்ற இடங்களில் புண்ணுக்கு ஓடிவரும் பாதுகாப்பு இங்கே தாமதமாகத்தான் வந்து சேரும். மண்ணிலும் மட்கிய தழையிலும் வாழும் ஃபுசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சைகளுக்கு இதைவிட வசதியான இடம் இல்லை. உமியோடு அவை முதலிலேயே வந்திருக்கலாம். வராமல் இருந்தாலும், பச்சைச் சாறு கொண்டுவந்து சேர்த்துவிடலாம்.

"தாய்ப்பால் சுத்தமானதுதானே?" என்று சித்தி கேட்டார். குழந்தையின் வயிற்றுக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் மார்பிலிருந்து கிண்ணத்துக்கு வரும் வழியில் தோலில் இருக்கும் கிருமிகள் சேரும். அதில் சர்க்கரையும் கொழுப்பும் உண்டு. கீறலில் உட்கார்ந்த கிருமிக்கு அது விருந்து. விளக்கெண்ணெய் வேறு வகை. காயத்தின் மேல் படலமாக மூடி உறுத்தலைக் குறைப்பதால், கண் சரியாகி வருகிறது என்று ஏமாற்றும்.

இந்தக் கூட்டத்திலேயே மோசமானது எருக்கம் பால். யாரும் வேண்டுமென்று கண்ணில் விடுவது அபூர்வம். பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ பறித்த கையால் கண்ணைத் தேய்ப்பவர்கள்தான் அதிகம். அதன் வஞ்சகம் என்னவென்றால், பெரிதாக வலிக்காது. சில மணி நேரத்தில் பார்வை மட்டும் புகைபோல மங்கும். கருவிழியின் உள்பக்கத்தில், தண்ணீரை வெளியேற்றிக்கொண்டே இருக்கும் செல் வரிசையை அந்தப் பால் தாக்குவதால் கருவிழி ஊறி வீங்குகிறது. வலியில்லை என்று தூங்கிவிடாமல், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

சித்தப்பா கதைக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை அவர் ஒரு கடையில் (என் கடை அல்ல) கண் சிவப்பு என்று சொல்லிச் சொட்டு மருந்து வாங்கினார். கிருமிக்கொல்லியோடு டெக்ஸாமெதசோன் கலந்த சொட்டு. புதன் காலையில் சிவப்பு பாதியாகக் குறைந்தது. சித்தி எனக்குத் தொலைபேசியில் சந்தோஷமாகச் சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

டெக்ஸாமெதசோன், பீட்டாமெதசோன், பிரட்னிசோலோன் எல்லாம் ஸ்டீராய்டு. வீக்கத்தையும் சிவப்பையும் அடக்குவதே அதன் வேலை. அது அடக்குவது உடம்பின் எதிர்ப்பைத்தானே தவிர, பூஞ்சையை அல்ல. கண் வெளியே அமைதியாகத் தெரியும். உள்ளே பூஞ்சை தடையில்லாமல் வேர்விடும். உண்மையைச் சொன்னால், கீறிய கண்ணுக்கு நந்தியாவட்டைச் சாற்றையும் இந்தச் சொட்டையும் ஒப்பிட்டால் எது அதிகக் கேடு என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. "இயற்கை மருந்து ஆபத்து, கடை மருந்து பத்திரம்" என்று எளிதாகப் பிரித்துவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மருத்துவர் சீட்டு இல்லாமல் இதைக் கொடுப்பவரும் அம்மியில் பூ நசுக்குபவரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள்: கருவிழியில் கீறல் இருக்கிறதா என்று பார்க்காமலேயே விடுகிறார்கள்.

ஸ்டீராய்டு கலக்காத கிருமிக்கொல்லிக் களிம்பு இன்னொரு வழி. நேபாளத்தின் பக்தபூரில் கிராமச் சுகாதாரப் பணியாளர்கள், கண்ணில் கீறல் பட்டு 48 மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்கு ஒரு சதவீத குளோராம்பெனிகால் களிம்பை நாளுக்கு மூன்று வேளையாக மூன்று நாள் போட்டார்கள். பெரும்பாலோருக்கு அது புண்ணாகாமலே ஆறியது. 2001-இல் வெளியான ஆய்வு அது. ஆனால் அங்கே ஒருவர் சாயம் தோய்த்த தாள் நறுக்கால் கீறலைச் சோதித்த பிறகே களிம்பு போட்டார். பூஞ்சை ஏற்கெனவே வேர்விட்டிருந்தால் இந்தக் களிம்பு அதைக் கொல்லாது.

முதல் ஐந்து நிமிடத்துக்கு என் ஓட்டு தண்ணீருக்குத்தான். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் அல்லது கேன் தண்ணீர். பம்புசெட்டுத் தண்ணீரும் குளத்துத் தண்ணீரும் வேண்டாம். தலையை, அடிபட்ட கண்ணின் பக்கம் சாய்த்து, மூக்கோரத்திலிருந்து காதுப் பக்கமாக வழியும்படி ஒரு செம்பு மெல்ல ஊற்ற வேண்டும். தேய்க்கவே கூடாது. உமி குத்தி நின்றால் அதைத் தொடாமல் அப்படியே கிளம்ப வேண்டும். கழுவிய பிறகும் அன்றிரவு உறுத்தலோ, கூச்சமோ, மங்கலோ இருந்தால் மறுநாள் காலை கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

வெள்ளிக்கிழமை நான் டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தபோது, சித்தப்பாவின் கருவிழியில் கடுகளவு சாம்பல் வெள்ளைப் புள்ளி. ஊரில் "கண்ணில் பூ விழுந்துவிட்டது" என்பார்களே, அதன் தொடக்கம். புதுச்சேரிக்கு அழைத்துப் போனோம். மருத்துவர் ஆரஞ்சுச் சாயம் தொட்டு நீல ஒளியில் காட்டினார். புண் பச்சையாக ஒளிர்ந்தது. ஓரங்கள் இறகு பிய்ந்ததுபோல இருந்தன. மரத்துப்போகச் சொட்டு விட்டுப் புண்ணைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். கிளைவிட்ட பூஞ்சை இழைகள். ஸ்டீராய்டை அன்றே நிறுத்தினார்கள்.

மருந்து நட்டாமைசின், ஐந்து சதவீதம். பால்போல வெளுத்த சொட்டு. அடியில் படிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் விட வேண்டும். முதல் நாட்களில் மணிக்கு ஒரு தடவை. அது பழைய மருந்துதான். ஆனால் அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வில், புதிய மருந்தான வோரிகோனசோல் சொட்டைவிட அதுவே மேல் என்று தெரிந்தது, குறிப்பாக ஃபுசேரியம் பூஞ்சைக்கு. சித்தப்பாவுக்கு ஆறு வாரம் ஆனது. புண் ஆறியது. தழும்பு தங்கியது. இடது கண்ணால் இப்போது பஸ் வருவது தெரியும். எந்த ஊர் பஸ் என்று படிக்க முடியாது.

காது விஷயத்தில் என் தீர்ப்பு இத்தனை கடுமையாக இருக்காது. ஏனென்றால் அங்கே எண்ணெய்க்கும் நியாயமான இடம் உண்டு. லாஸ்பேட்டையில் இருக்கும் அக்கா மகளுக்கு ஒரு ராத்திரி காதுவலி. சளி பிடித்து மூன்றாவது நாள். அத்தை கரண்டியில் நல்லெண்ணெய் ஊற்றி, பூண்டும் ஓமமும் போட்டுக் காய்ச்சிக்கொண்டிருந்தார். அக்கா எனக்குப் போன் செய்தாள்.

சளியோடு வரும் காதுவலி பெரும்பாலும் செவிப்பறைக்குப் பின்னால் இருக்கிறது. எண்ணெய் செவிப்பறைக்கு முன்னாலேயே நின்றுவிடும். வலி இருக்கும் அறைக்கே அது போகாது. கிடைக்கும் இதம் சூட்டினால் வருவது. மடித்த துணியைச் சூடாக்கிக் காதின் மேல் வைத்தாலும் அதே இதம்தான். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நேராக நடுக்காதுக்குள் போய்விடும்; ஓட்டை இருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. இன்னொன்று: தண்ணீர் சூடானால் ஆவி விட்டு எச்சரிக்கும். எண்ணெய் தோலைப் பொசுக்கும் சூட்டிலும் சாதுவாகப் பளபளத்துக்கொண்டிருக்கும். துளசிச் சாறும் வாட்டிய எருக்கிலைச் சாறும் காதை ஈரமாக வைத்துப் பூஞ்சை வளர வழிசெய்யும். விடாத அரிப்பும், நனைந்த செய்தித்தாள்போன்ற அழுக்கில் கரும்புள்ளிகளும் தெரிந்தால் அதுதான்.

எண்ணெய் ஜெயிக்கும் இடங்கள் இரண்டு. உயிருள்ள பூச்சி புகுந்து குடைந்தால், சூடேற்றாத எண்ணெய் சில சொட்டு விட்டு அதை அடக்கலாம். காய்ந்த குறும்பியை இளக்கவும் அது போதும். இரண்டிலும் நிபந்தனை ஒன்றே: முன்பு சீழ் வடிந்த காதாகவோ, ஓட்டையோ மருத்துவர் பொருத்திய குழாயோ உள்ள காதாகவோ இருக்கக் கூடாது. பட்டன் பேட்டரி காதுக்குள் போனால் எதையும் ஊற்றாமல் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி.

குழந்தைக்கு எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் கொடுத்து, காலையில் காது மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். பின்னணியில் அத்தையின் குரல் கேட்டது: "காய்ச்சின எண்ணெயை என்ன செய்வது என்று கேள்."

ஆறிய பிறகு முழங்காலில் தேய்த்துக்கொள்ளச் சொன்னேன்.