1984, 2012: இரண்டு சோலார் கம்பெனிகளின் வயதைத் தேடிய கதை

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் என் மாமா வீட்டு மாடியில் மூன்று கிலோவாட் சோலார் போடுவதற்காகக் கடந்த மாசியில் இரண்டு கொட்டேஷன் வாங்கினார். ஒன்று பாலக்காட்டுக் கம்பெனி, இன்னொன்று வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டி வரும் கோயமுத்தூர்க் கம்பெனி. இரண்டுமே பி.எம். சூர்ய கர் திட்டத்தின் விற்பனையாளர் பட்டியலில் இருந்தன. அதனால் 78,000 ரூபாய் மானியம் இரண்டிலும் கிடைக்கும். விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசமெல்லாம் லெட்டர்ஹெட்டில்தான். பாலக்காட்டுக்காரர் '1984 முதல்', 'ஐ.எஸ்.ஓ. 9001 பெற்றது' என்று அச்சடித்திருந்தார். கோவைக்காரர் '2012 முதல்', 'தென்னிந்தியாவின் சிறந்த பத்து சோலார் நிறுவனங்களில் ஒன்று' என்று போட்டிருந்தார்.

மாமா 1984ஐப் பார்த்து அசந்துவிட்டார். எனக்கு அங்கேயே இடித்தது. ஜவஹர்லால் நேரு தேசிய சோலார் மிஷனே 2010 ஜனவரியில்தான் தொடங்கியது. அதற்கு முன்பும் சோலார் வாட்டர் ஹீட்டர், தெருவிளக்கு விற்றவர்கள் உண்டு என்றாலும், வீட்டு மாடியில் பேனல் போட்டு மின்வாரியத்துக்குக் கரண்ட் கொடுக்கும் தொழிலில் நாற்பது வருட அனுபவம் யாருக்கும் இருக்க முடியாது. அப்படியானால் அந்த 1984 எதன் வயது? குடும்பத்தின் வயதா, பிராண்டின் வயதா, பில் போடும் கம்பெனியின் வயதா? கடைசியாகச் சொன்னதுதான் நமக்கு முக்கியம். ஐந்து வருடப் பராமரிப்புக்கு சட்டப்படி பதில் சொல்ல வேண்டியது பில்லில் பேர் இருக்கிறவர்தான்.

பாலக்காட்டுக்காரரை முதலில் எடுத்துக்கொண்டேன். பிரைவேட் லிமிடெட் என்றால் சி.ஐ.என். என்ற 21 இலக்க எண்ணை லெட்டர்ஹெட்டில் போட வேண்டும் என்பது சட்டம். அவருடையது இந்த வடிவில் இருந்தது (எண்களை மறைத்திருக்கிறேன்):

```
U*****KL2017PTC******
```

முதல் எழுத்து U என்றால் பங்குச்சந்தையில் இல்லாத கம்பெனி. அடுத்த ஐந்து இலக்கம் தொழில் வகை, KL கேரளா, அதையடுத்த நான்கு இலக்கம் பதிவான வருடம். ஆக அவருடைய கம்பெனி பிறந்தது 2017இல். தாளின் தலையில் 1984, அதே தாளின் அடியில் 2017. இணையத்துக்கே போகாமல் கிடைத்த முதல் தகவல் இது. கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்திலும் `Date of Incorporation` அதையேதான் சொன்னது. அங்கே தேதியோடு விட்டுவிடாதீர்கள், கடைசியாக எந்த வருடத்து பேலன்ஸ் ஷீட் தாக்கலாகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். இவருடையது தவறாமல் தாக்கலாகியிருந்தது. இரண்டு மூன்று வருடம் விட்டுப்போயிருந்தால் நான் அங்கேயே கடையைக் கட்டியிருப்பேன்.

ஆனால் 2017 என்று தெரிந்ததுமே பொய்யன் என்று முத்திரை குத்துவது அவசரம். தனி ஆளாகக் கடை நடத்திவிட்டுப் பிறகு கம்பெனியாக மாற்றுவது நம்மூரில் சர்வசாதாரணம். (எதிர்ப்பக்கமும் உண்டு. எப்போதோ ஜவுளிக்காகப் பதிவான பழைய கம்பெனியை வாங்கிப் பெயரை மாற்றினால் சி.ஐ.என். வருடம் பழையதாகவே நிற்கும்.) அதனால் ஜி.எஸ்.டி. தளத்தின் `Search Taxpayer` பக்கத்துக்குப் போனேன். லாகின் தேவையில்லை. ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: கேரளா 32, தமிழ்நாடு 33. அடுத்த பத்தும் பான் எண். அதன் நான்காவது எழுத்து, அதாவது ஜி.எஸ்.டி. எண்ணின் ஆறாவது எழுத்து, ஆள் யார் என்று காட்டிக்கொடுத்துவிடும். P என்றால் தனிநபர், F என்றால் பங்குதாரர் நிறுவனம், C என்றால் கம்பெனி.

கொட்டேஷனில் இருந்த எண்ணில் C. பதிவு 2017 டிசம்பர். பிராண்ட் பெயரை வைத்துத் துழாவியதில் ஒரு பழைய பில்லின் படம் சிக்கியது. அதில் இருந்த எண்ணில் P. அந்தப் பதிவின் தேதி 01/07/2017, நிலை `Cancelled`. 2017 ஜூலை 1 ஜி.எஸ்.டி. பிறந்த நாள். அந்தத் தேதி இருந்தால் பெரும்பாலும் வாட் காலத்திலேயே பதிவு வைத்திருந்து மாற்றப்பட்டவர் என்று அர்த்தம். தொழில் அதற்கு முன்பே இருந்திருக்கிறது, எவ்வளவு முன்பு என்று இந்தத் தளம் சொல்லாது.

அதைச் சொன்னது டிரேட்மார்க் பதிவேடு. முத்திரைக்கு விண்ணப்பிக்கும்போது 'எந்தத் தேதியிலிருந்து இந்தப் பெயரைப் பயன்படுத்துகிறீர்கள்' என்ற கேள்வி உண்டு. இனிமேல்தான் பயன்படுத்தப் போகிறோம் என்றால் `Proposed to be used` என்று போடலாம். பழைய தேதி சொன்னால் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். இதுவும் அவர் வாயால் சொன்னதுதான், ஆனாலும் நோட்டீஸில் சொல்வதும் பிரமாணத்தில் சொல்வதும் ஒன்றல்ல. பெயருக்கு எவ்வளவு பழைய தேதி கிடைக்கிறதோ அவ்வளவு லாபம் என்கிற இடத்தில்கூட அவர் எழுதியிருந்தது 2009.

அடுத்து அவருடைய வெப்சைட்டை `web.archive.org` தளத்தில் போட்டுப் பழைய பக்கங்களைப் பார்த்தேன். 2019 பக்கத்தில் 'பத்து வருட அனுபவம்' என்று இருந்தது. 2009ஓடு கச்சிதமாகப் பொருந்துகிறது. 2022 பக்கத்தில் 'சின்ஸ் 1984'. மூன்றே வருடத்தில் கம்பெனிக்கு இருபத்தெட்டு வயது கூடியிருக்கிறது!

போனில் கேட்டேன். மனுஷன் கோபப்படவில்லை. "அச்சன் 84ல சிற்றூர்ல மோட்டார் ரீவைண்டிங் கடை வெச்சாரு சார். ஃபேமிலி பாரம்பரியம்னு டிசைனர் போட்டுட்டாரு" என்றார். இருக்கலாம். ஆனால் காயில் சுற்றிய அனுபவத்தைக் காட்டி பேனல் விற்பது சரியில்லை.

கோவைக்காரரிடம் வந்தால் கதை தலைகீழ். அவர் கொட்டேஷனில் இருந்த, 32இல் தொடங்கும் ஜி.எஸ்.டி. எண்ணின் பதிவு 2022. '2012 முதல்' என்று சொன்னவருக்குப் பத்து வருடம் துண்டு விழுகிறது. நானும் முதலில் இவர்தான் பெரிய புளுகர் என்று நினைத்தேன். எல்லையில் குடியிருக்கிற நம்மைப் போன்றவர்கள் தவறாமல் விழும் பள்ளம் இது. ஜி.எஸ்.டி. பதிவு மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி. 2022 என்பது அவர் கேரளாவில் பதிவெடுத்த வருடம், அவ்வளவுதான். அதே பான் எண்ணில் தமிழ்நாட்டு 33 பதிவைத் தேடினால் தேதி 01/07/2017.

அவருடையது பங்குதாரர் நிறுவனம், F. கம்பெனி அமைச்சகத்தில் இவர்களுக்குப் பதிவு கிடையாது, டிரேட்மார்க்கும் எடுத்திருக்கவில்லை. காகிதம் 2017க்கு முன்னால் பேசவில்லை. அதனால் "உங்க ரொம்பப் பழைய வேலை ஒண்ணக் காட்டுங்க" என்று கேட்டேன். கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தேங்காய் நார் மில்லின் முகவரி கொடுத்தார். மாமாவும் நானும் பைக்கில் போனோம். மோட்டார் ரூமில் நார்த்தூசி படிந்த இன்வெர்ட்டர். மாமா துண்டால் துடைத்துவிட்டு டார்ச் அடித்தார். தகட்டில் தயாரிப்பு வருடம் 2014. மில்காரர் பில்லையும் எடுத்துக் காட்டினார். அதே கூட்டு நிறுவனத்தின் பெயர், 2014. மீதி இரண்டு வருடத்துக்கு ஆதாரமும் இல்லை, மறுப்பும் இல்லை. தன் வயதைப் பற்றி அவர் சொன்னதை நான் ஏற்றுக்கொண்டேன்.

'சிறந்த பத்து'தான் அவரை இறக்கிவிட்டது. எதை அளந்து பத்து? போட்ட மெகாவாட்டா, வாடிக்கையாளர் எண்ணிக்கையா? பட்டியல் போட்ட பத்திரிகையின் பக்கத்தில் அளவுகோலும் இல்லை, நடுவர் பெயரும் இல்லை, எத்தனை பேர் போட்டியிட்டார்கள் என்பதும் இல்லை. பத்துப் பேரும் அகரவரிசையில் இருந்தார்கள், அந்தப் பக்கத்தின் அடியிலேயே அடுத்த இதழுக்கான விளம்பரப் பேக்கேஜ். நேரில் கேட்டபோது, ஒரு முழுப்பக்கப் பேட்டிக்குப் பணம் கட்டியதை அவரே ஒப்புக்கொண்டார். அளந்து கொடுக்கும் விருது எப்படி இருக்கும் என்றால், எரிசக்தித் திறன் பணியகம் டிசம்பர் 14 அன்று கொடுக்கும் தேசிய விருதுகளைப் பாருங்கள். பிரிவு, விதிமுறை, வென்றவர் பட்டியல் எல்லாம் வெளியில் கிடைக்கும். கொடுத்தவர் தன் பட்டியலில் அந்தப் பெயரைக் காட்டாவிட்டால் ஷீல்டு வெறும் ஷோகேஸ் சாமான்.

பாலக்காட்டுக்காரரின் ஐ.எஸ்.ஓ.வுக்கும் ஒரு வார்த்தை. ஐ.எஸ்.ஓ. அமைப்பு யாருக்கும் சான்று கொடுப்பதில்லை, தரத்தை எழுதுவதோடு சரி. சான்று தருவது தனி நிறுவனங்கள். அந்த நிறுவனத்தை அங்கீகரித்தது யார் என்று பார்க்க வேண்டும், இந்தியாவில் அது என்.ஏ.பி.சி.பி. சான்றிதழ் நகலைக் கேட்டு வாங்கி `iafcertsearch.org` தளத்தில் தேடினேன். இருந்தது, மூன்று வருடக் காலமும் முடியவில்லை. ஆனால் எந்த வேலைக்கு என்று எழுதியிருந்த வரி 'மின்சாதனங்களின் மொத்த விற்பனை'. மாடியில் ஸ்டிரக்சர் அடிப்பது, எர்த் போடுவது எதுவும் அதில் வராது. சான்று உண்மை, நமக்கு உபயோகமில்லை.

நான் கோவைக்காரருக்கு ஓட்டுப் போட்டேன். வயதை மிகைப்படுத்தாதவர் வேலையையும் மிகைப்படுத்த மாட்டார் என்று ஒரு கணக்கு. மாமா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாஞ் செரி மாப்ள. பாலக்காட்டுக்காரன் நெசமா எத்தன வருசம்?" என்றார்.

"2009ல இருந்துங்க மாமா."

"கோயமுத்தூர்க்காரன்?"

"கையில ஆதாரம் 2014ல இருந்து."

"அப்ப பொய்யக் கழிச்சுப் பாத்தாலும் அவன்தான மூத்தவன்? இன்வெர்ட்டர் நின்னுபோச்சுன்னா பாலக்காட்டுல இருந்து அர மணி நேரத்துல ஆளு வருவான்."

எனக்குப் பதில் இல்லை. சொல்லப்போனால் 2009 என்றே அச்சடித்திருந்தாலும் அந்த வேலை அவருக்குத்தான் கிடைத்திருக்கும்.

ஒப்பந்தத்தில் மட்டும் இரண்டு விஷயம் கேட்டு வாங்கினோம். பில்லும் பராமரிப்பு உறுதியும் 2017இல் பதிவான கம்பெனியின் முழுப்பெயரிலும் சி.ஐ.என். எண்ணிலும் இருக்க வேண்டும், பழைய கடைப் பெயரில் கூடாது. நிறுவும் வேலைக்குத் தனியாக ஐந்து வருட உத்தரவாதம் எழுத்தில் வேண்டும், ஐ.எஸ்.ஓ.வைக் காட்டி நழுவக் கூடாது. கையெழுத்துப் போடும்போது மாமா பேனாவை வாங்கி, லெட்டர்ஹெட்டில் இருந்த 1984ஐ ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு மேலே 2009 என்று எழுதினார். பாலக்காட்டுக்காரர் ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார்.