கல்விக் கடன் வட்டிக் கழிவு: மொத்தத் தவணையையும் எழுதிவிட்டார் முகவர்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் வேலை செய்கிறேன். இந்தியக் குடியுரிமை, குடும்பம் திருச்சியில். ஊரில் ஒரு கடை வாடகை, கொஞ்சம் வைப்புநிதி வட்டி என்று வருமானம் இருப்பதால் இந்தியாவில் வரிக் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். என்னைப்போல் ஒப்பந்தத்தில் வந்தவர்கள் இங்கே பலர் உண்டு. எங்களைத் தேடித்தான் அந்த முகவர் வருகிறார். சந்தைக்கு எதிரே கோப்பிக் கடையில் உட்கார்ந்து கணக்குப் போடுவார். கூலி, திரும்பி வரும் வரிப் பணத்தில் பத்தில் ஒரு பங்கு. அந்தக் கூலி முறையைக் கேட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மகள் படிப்புக்கு ஊரில் ஒரு வங்கியில் கடன். கடனாளியாக அவள் பெயர் முதலில், நான் இணைக் கடனாளி. படிப்பு முடியும்வரை காத்திருக்காமல் 2024 ஏப்ரலிலேயே என் கணக்கிலிருந்து தவணை கட்டத் தொடங்கிவிட்டேன். அப்போது நிலுவை 12 லட்சம், வட்டி 11 சதவீதம், பத்து ஆண்டு, மாதம் 16,530 ரூபாய்.

2025 ஜூலையில் முகவரிடம் போனேன். கைப்பேசியில் இருந்த கடன் கணக்கு விவரத்தை வாங்கிப் பார்த்தார். "வருசத்துக்கு 1,98,360 கட்டியிருக்கீங்க சார். 80E-ல முழுசா போட்டுடலாம், அதுக்கு உச்சவரம்பே கிடையாது" என்றார். வங்கிச் சான்றிதழ் வேண்டாமா என்று கேட்டேன். "அதை யாரும் இணைக்கச் சொல்லல சார்."

அவர் சொன்ன இரண்டுமே உண்மைதான். உச்சவரம்பு இல்லை, சான்றிதழைப் படிவத்தோடு இணைப்பதும் இல்லை. ஆனால் இந்திய வருமான வரிச் சட்டத்தின் 80E பிரிவில் வருமானத்திலிருந்து கழிப்பது கல்விக் கடன் வட்டியை மட்டும். அசலுக்கு அங்கே ஒரு பைசாவும் இல்லை. சான்றிதழை நாம் கையில் வைத்திருக்க வேண்டும், துறை கேட்டால் காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது கிளையில் சான்றிதழ் கேட்டேன். முதலில் நீட்டியது வெறும் கணக்கு விவரம்தான். இது போதாது என்றதும், "நிதியாண்டில் செலுத்திய வட்டி, அசல்" என்று தனித்தனியாகப் பிரித்த தாளைத் தந்தார்கள். வட்டி 1,28,550. அசல் 69,810. முகவர் அந்த அசலையும் வட்டியோடு சேர்த்துத்தான் எழுதியிருந்தார். எனக்கு 20 சதவீத வரி அடுக்கு, அதற்கு மேல் 4 சதவீத செஸ். ஆக 14,520 ரூபாய் எனக்குச் சேராத பணம் திரும்பி வந்திருந்தது. அதிலும் பத்தில் ஒரு பங்கை அவர் வாங்கிக்கொண்டார்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்தத் தாளில் மகள் பெயர் மட்டும்தான். கடன் வாங்கியவரும் வட்டி கட்டியவரும் நான் என்று காட்டினால்தான் எனக்குக் கழிவு. மகள் பெயரில் மட்டும் உள்ள கடனை அப்பா கட்டினால் அப்பாவுக்குக் கழிவு கிடையாது. கடன் ஒப்பந்தத்தைக் காட்டி, இணைக் கடனாளி என்று என் பெயரையும் சேர்த்து மறுநாள் வாங்கினேன். இதற்கு இரண்டு நாள் விடுப்பு போயிற்று.

அந்தக் கணக்கைத் திருத்தக் கெடு 2025 டிசம்பர் 31. அதற்குள் திருத்திய கணக்கைத் தாக்கல் செய்து, கூடுதலாக வந்த பணத்தை வட்டியோடு கட்டினேன். படிவத்தில் இப்போது கடன் கொடுத்தவர் பெயர், கடன் கணக்கு எண், அனுமதித்த தேதி, மொத்தக் கடன், மார்ச் 31 நிலுவை, வட்டி எல்லாம் தனித்தனியாகக் கேட்கிறார்கள். எண்ணும் நிலுவையும் எழுதிக் கொடுத்த பிறகு, சான்றிதழை இணைக்கவில்லை என்பதால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நினைக்க முடியுமா? நாமாகத் திருத்தாமல் துறை கண்டுபிடித்து, தவறான விவரம் தந்தோம் என்று முடிவு செய்தால் அபராதம் அந்த வரியைப் போல இரண்டு மடங்கு.

இந்தக் கழிவு பழைய வரி முறையில்தான் கிடைக்கும். புதிய முறைதான் தானாக வந்து நிற்கும், பழையதை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். 2024-25 நிதியாண்டில் என் வருமானம் 8,80,000. ஆயுள் காப்பீட்டுக்கு 1,50,000 கழிவும் இருந்ததால், சரியான வட்டியைப் போட்டபோது பழைய முறையில் செஸ் நீங்கலாக வரி 32,790, புதியதில் 38,000. காப்பீடு இல்லாதிருந்தால் புதியதே எனக்கு மலிவு. இந்தக் கணக்கை முகவர் போட்டே பார்க்கவில்லை. வட்டி கட்டத் தொடங்கிய ஆண்டையும் சேர்த்து எட்டு ஆண்டுதான் கழிவு உண்டு என்பதையும் சொல்லவில்லை. எனக்கு அது 2031-32 நிதியாண்டோடு முடியும்.

உடன் வேலை செய்யும் உள்ளூர் நண்பர் ஒருவர், மகனுக்காகக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய கடனுக்கு இங்கேயும் இப்படிக் கழிக்கலாமா என்று அதே முகவரைக் கேட்டிருக்கிறார். "போட்டுடலாம்" என்றாராம். நண்பரிடம் நான் சொன்னேன்: அண்ணே, இங்கே வரிக்கு நிரப்பும் பிஈ படிவத்தில் கல்விக் கடன் வட்டிக்கு இடமே இல்லை. பதினெட்டு தாண்டி டிப்ளோமா, டிகிரி படிக்கும் பிள்ளைக்கு 8,000 வெள்ளி கழிவு இருக்கிறது, அது வேறு.

கூலியைத் திருப்பிக் கேட்டேன். "பணம் உங்க கைக்கு வந்துச்சுல்ல சார்" என்றார். இன்னும் அதே மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.