கழுத்து வளைவு பழையபடி திரும்ப வந்துவிட்டது என்று எக்ஸ்ரே காட்டினால், முதலில் தாடையைப் பாருங்கள்

நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து வேலை பார்ப்பவரா? பல வருடக் கழுத்து வலிக்கு எக்ஸ்ரேயோ எம்.ஆர்.ஐ.யோ எடுத்து வைத்திருக்கிறீர்களா? அடுத்த சிகிச்சைக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கீழே இருப்பது ஒருவருக்கு நடந்தது. பொய் அறிக்கை எதுவும் அவருக்குத் தரப்படவில்லை. அறிக்கையில் இருந்த ஒவ்வொரு வரியும் உண்மை. அந்த உண்மையான வரிகளுக்குத் தவறான பொருள் சொல்லித்தான் அவரை ஏமாற்றினார்கள்.

வயது 38. நான்கு வருடமாக இடது பக்கம், கழுத்துக்கும் தோள்பட்டைக்கும் நடுவில் வலி. காலையில் பரவாயில்லை, மதியத்துக்கு மேல் இறுகிக்கொண்டே வரும். விடுமுறை நாட்களில் பாதி குறைந்துவிடும். வலி கைக்கு இறங்கியதில்லை, விரல்கள் மரத்துப்போனதில்லை. பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். அறிக்கையில் மூன்றே வரி: கழுத்தின் இயல்பான வளைவு குறைந்து நேராக உள்ளது, சி5-6 இடைவெளி, அதாவது கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள இடம், லேசாகக் குறைந்துள்ளது, அதே இடத்தில் முன்விளிம்பில் சிறிய ஆஸ்டியோஃபைட், அதாவது எலும்பு முளை.

சிகிச்சை நிலையத்தில் அவருக்குச் சொல்லப்பட்டது வேறு. "உங்க கழுத்து அறுபது வயசுக்காரர் கழுத்து மாதிரி தேஞ்சு போச்சு. வளைவே இல்ல. இப்ப விட்டா கை கால் விழுந்துடும்." இழுவை சிகிச்சை 30 அமர்வு, நாள் முழுக்கக் கழுத்துப் பட்டை, முழுத் தொகையும் முன்கூட்டியே.

முதலில் 'தேய்மானம்' என்ற சொல்லைப் பார்ப்போம். பாதிப் பயம் அந்தச் சொல்லிலிருந்துதான் வருகிறது. எலும்பு கரைந்து கொட்டுவது போல அது ஒலிக்கிறது. நடப்பது அதுவல்ல. இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் வயதாக ஆக நீர் இழந்து மெலிகிறது. அது மெலிந்த இடத்தில் எலும்பின் விளிம்பு குறைவதில்லை, வளர்கிறது. கழுத்தில் இது முதலில் தென்படுவது பெரும்பாலும் சி5-6, சி6-7 ஆகிய இரண்டு இடங்களில். 38 வயதில் சி5-6 இடைவெளி லேசாகக் குறைந்திருப்பது முன்நரை மாதிரி: இருக்கிறது, ஆனால் அதனால்தான் வலி என்று சொல்ல அது மட்டும் போதாது. எக்ஸ்ரேயில் டிஸ்க்கோ நரம்போ தெரிவதே இல்லை. எலும்புகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை வைத்து டிஸ்க்கை ஊகிக்கிறார்கள், அவ்வளவுதான்.

அடுத்தது வளைவு. இந்த மூன்று வரிகளில் அதிகம் விலைபோவது இதுதான், அதிகம் நம்பக்கூடாததும் இதுதான். படம் எடுக்கும்போது முகவாயைச் சற்று உள்ளே இழுத்தாலே கழுத்து நேராகிவிடும். சற்று மேலே தூக்கினால் வளைந்துவிடும். வலியே இல்லாத ஏராளமானவர்களின் கழுத்தும் படத்தில் நேராகத்தான் இருக்கிறது. எம்.ஆர்.ஐ.யில் மல்லாந்து படுத்து, தலையை மெத்தையில் பொருத்தி எடுப்பதால் இந்த வரி இன்னும் அடிக்கடி வரும். "தசை இறுகியதால் நேராகியிருக்கலாம்" என்று சேர்த்து எழுதுவதும் வழக்கம். நேரான கழுத்தை மட்டும் வைத்துத் தசை இறுக்கம் என்று சொல்ல முடியாது.

30 அமர்வு முடிந்ததும் அவருக்கு இரண்டாவது எக்ஸ்ரே எடுத்து, பழைய படத்தோடு பக்கத்தில் ஒட்டிக் காட்டினார்கள். முதல் படத்தில் கழுத்து குச்சி போல நேர். இரண்டாவதில் அழகான வளைவு. "பாருங்க, வளைவு திரும்பிடுச்சு. இது நிலைக்கணும்னா இன்னும் 20 அமர்வு." வலி மட்டும் அப்படியே இருந்தது. அதற்கு, "எலும்பு சரியாகிடுச்சு, வலி போக நாளாகும்" என்று பதில்.

அந்த இரண்டு படங்களையும் கழுத்தை விட்டுவிட்டுத் தாடையில் பார்த்தால் விஷயம் வெளியே வந்துவிடும். பக்கவாட்டுப் படத்தில் வாயின் மேற்புறத்தில் மேலண்ணத்தின் எலும்பு ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். நேராக எதிரே பார்த்துக்கொண்டு எடுத்த படத்தில் அந்தக் கோடு கிட்டத்தட்டக் கிடைமட்டமாக இருக்கும். அவருடைய முதல் படத்தில் கோட்டின் முன்முனை கீழே இறங்கியிருந்தது. கீழ்த்தாடையின் பின்மூலை கழுத்தின் மேல் எலும்புகளை நெருங்கி, சி2 மேல் படிந்திருந்தது. இரண்டாவது படத்தில் கோட்டின் முன்முனை மேலே ஏறியிருந்தது, தாடை கழுத்தைவிட்டு நன்றாக விலகியிருந்தது. குனிந்த தலையையும் நிமிர்ந்த தலையையும் எடுத்து, முன்பு, பின்பு என்று காட்டியிருக்கிறார்கள். சி5-6 இடைவெளியும் எலும்பு முளையும் இரண்டிலும் ஒரே மாதிரி. படம் எடுத்தவர் வேண்டுமென்றே செய்தாரா, "கொஞ்சம் நிமிருங்க" என்று சாதாரணமாகச் சொன்னாரா என்பது தெரியாது. விற்றவர் இதைப் பார்த்திருக்க வேண்டும். உங்களிடம் இப்படி இரண்டு படங்கள் இருந்தால், அண்ணக் கோட்டின் சாய்வும் தாடைக்கும் கழுத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியும் இரண்டிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பில்லை.

வலி குறையாததால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். அறிக்கையில் இப்போது எட்டு வரி. முக்கியமானவை இரண்டு: "சி5-6ல் டிஸ்க் பல்ஜ், தீக்கல் சாக்கை லேசாக அழுத்துகிறது", "வலது பக்க நரம்புத் துளையில் லேசான குறுகல்." இதை அவரிடம் "டிஸ்க் விலகி நரம்பு மாட்டிக்கிச்சு" என்று மொழிபெயர்த்தார்கள்.

பல்ஜ் என்றால் டிஸ்க்கின் விளிம்பு பரவலாகச் சற்றே புடைத்திருப்பது. டிஸ்க் இடம்பெயர்வதில்லை, 'விலகல்' என்ற சொல்லே பொருந்தாது. தீக்கல் சாக் என்பது தண்டுவடத்தையும் அதைச் சுற்றியுள்ள நீரையும் மூடியிருக்கும் உறை. உறை லேசாக அமுங்கினால், தண்டுவடத்துக்கு முன்னால் இன்னும் நீர் இருக்கிறது என்று பெரும்பாலும் பொருள். தண்டுவடம் அழுந்துவது வேறு சங்கதி, அப்படி இருந்தால் அறிக்கையில் தனியாக எழுதுவார்கள். ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து 2015ல் வெளியிட்ட ஆய்வில், 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலேயே ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு இருந்தது. ஆக, இவருக்கும் இருந்ததில் வியப்பதற்கு எதுவுமில்லை.

இன்னும் மோசமானது பக்கம். குறுகல் வலப் பக்கம், வலி இடப் பக்கம். இதை ஒருவர்கூட அவரிடம் சொல்லவில்லை. சி5-6 துளை வழியாக வெளியே வருவது சி6 நரம்பு. அது வலது பக்கம் உண்மையிலேயே அழுந்தினால், வலது கையில் வலி இறங்கி, கட்டைவிரல் பக்கம் மரத்துப்போகும். முழங்கையை மடக்கும் வலு குறையலாம், பைசெப்ஸ் தசைநாரில் சுத்தியலால் தட்டினால் வரும் துடிப்பு மங்கலாம். அவருக்கு இவற்றில் ஒன்றுமில்லை. யாரும் சுத்தியலைத் தொட்டுப் பார்க்கவும் இல்லை. "அறிகுறிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்" என்று அறிக்கையின் கடைசியில் இருந்த வரி இதற்குத்தான். அதைச் சடங்கு வாசகம் என்று தாண்டிப் போய்விடுகிறார்கள்.

எட்டு மாதம் கழித்து வேறொரு இடத்தில் மறுபடி எம்.ஆர்.ஐ. இந்த முறை அதே துளைக்கு "மிதமான குறுகல்" என்று வந்தது. "லேசானது மிதமாகிடுச்சு, வேகமா முத்துது, அறுவைக்கு யோசிங்க" என்றார்கள். இரண்டு அறிக்கைகளையும் வைத்து இப்படிச் சொல்ல முடியாது. கழுத்தில் நரம்புத் துளை முன்னும் பக்கமுமாகச் சாய்வாகப் போகிறது. குறுக்குவெட்டுப் படங்கள் அதைக் கோணலாக வெட்டுகின்றன, ஒவ்வொரு வெட்டும் சுமார் 3 மில்லிமீட்டர் கனம். வெட்டு சற்று மேலோ கீழோ விழுந்தால் துளை சிறிதாகவோ பெரிதாகவோ தெரியும். 'லேசான', 'மிதமான' என்பவை பெரும்பாலும் பார்ப்பவரின் கண்மதிப்பு. அதே படத்துக்கு இரண்டு பேர் இரண்டு சொல் எழுதுவது சாதாரணம். கடைசியில் இரண்டு தடவை எடுத்த படங்களையும் ஒரே கதிரியக்க மருத்துவர் அருகருகே திறந்து, அதே மட்டத்தில் ஒப்பிட்டார். மாற்றமில்லை என்று எழுதிக் கொடுத்தார். அறுவைப் பேச்சு அதோடு நின்றது.

எந்தச் சொற்களைப் பார்த்தால் தாமதிக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எல்லாம் வயதுக்கோளாறு என்று தள்ளுவதும் ஆபத்து. "கார்டு கம்ப்ரெஷன்", "கார்டு சிக்னல் சேஞ்ச்" என்று அறிக்கையில் இருந்தால், தண்டுவடத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பொருள். கூடவே சட்டைப் பொத்தான் போடத் தடுமாற்றம், கையெழுத்து மாறுவது, நடையில் தள்ளாட்டம், சிறுநீரை அடக்க முடியாமை ஆகியவற்றில் எதுவும் தொடங்கியிருந்தால், இழுவை சிகிச்சை, கழுத்தைச் சொடுக்குவது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதுகுத்தண்டு அறுவை மருத்துவரை உடனே பார்க்க வேண்டும். காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தது, அடிபட்ட பின் தொடங்கிய வலி, கையில் நாளுக்கு நாள் கூடும் பலவீனம் ஆகியவையும் அதே கணக்கில் சேரும். இந்த 38 வயதுக்காரருக்கு இவை எதுவும் இல்லை என்பதை, முதல் நாளே பத்து நிமிடப் பரிசோதனையில் உறுதி செய்திருக்கலாம்.

பட்டையால் வந்த கெடுதலும் உண்டு. மாதக்கணக்கில் நாள் முழுக்கக் கட்டியதில் கழுத்துத் தசை வேலை செய்யாமல் பலவீனமாகி, பட்டை இல்லாமல் அரை மணி நேரம் உட்கார முடியாத நிலைக்கு வந்துவிட்டார். அதைப் படிப்படியாகக் கழற்றி, கழுத்துக்கும் தோளுக்கும் வலுவூட்டும் பயிற்சிகளைத் தொடங்கிய பிறகுதான் நான்கு வருட வலி மெதுவாக இறங்க ஆரம்பித்தது. படத்தில் சி5-6 இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

பணம் கட்டும் முன் எதிரே இருப்பவரிடம் இதைக் கேளுங்கள்: "இந்த அறிக்கையில எந்த வரி என் வலிக்குக் காரணம்? எந்தப் பக்கம், எந்த மட்டம்? என்னைச் சோதிச்சதுல எது அதோட ஒத்துப் போகுது?" பதிலை எழுதித் தரச் சொல்லுங்கள். அறிக்கைத் தாளோடு விடாமல், முழுப் படங்களும் உள்ள குறுந்தகடையோ இணைப்பையோ கேட்டு வாங்கி வையுங்கள். அச்சிட்ட பிலிமில் வருவது சில வெட்டுகள் மட்டுமே, பின்னால் ஒப்பிட அது போதாது. எக்ஸ்ரே மறுபடி எடுக்கச் சொன்னால், நேர்ப்பார்வையில், முதல் தடவை நின்றிருந்தால் நின்றே எடுக்கச் சொல்லுங்கள்.